ஏழாவது வரியில் முடி மாத்திரை

இரவு வேலைக்குப் போக ஆரம்பித்த நான்காவது வருடத்தில் என் மேசை டிராயரில் ஆறு டப்பாக்கள் சேர்ந்துவிட்டன. வைட்டமின் டி, பி12, மல்டிவைட்டமின், ஜிங்க், மீன் எண்ணெய், தூக்கத்துக்கு மெலடோனின். ஆபீஸில் ஆளாளுக்கு ஒன்றைச் சிபாரிசு செய்தார்கள், நான் ஒருவர் மனதையும் நோகடிக்கவில்லை. கல்மண்டபத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பத்து நிமிட நடையில் குடியிருந்துகொண்டு மீன் எண்ணெயை ஆன்லைனில் வாங்கிய ஆள் நான். ஏழாவது டப்பா மட்டும் குளியலறையில், ஷேவிங் கிரீமுக்குப் பின்னால் இருந்தது. பயோட்டின், பத்து மில்லிகிராம். முன்னந்தலையைக் காப்பாற்றத் தினமும் ஒன்று.

அந்த வருடம் எடை நாலு கிலோ குறைந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது. ராயபுரத்தில் எங்கள் குடும்ப டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெகுலரா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். பொய் சொல்வதாகவே தோன்றவில்லை. மாத்திரை என்றால் எனக்கு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரைதான்.

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் அடிமட்டத்தில் இருந்தது, டி4 ஏறியிருந்தது. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார் டாக்டர். ஒரு மாத்திரை எழுதினார். ஒன்றரை வருடம்கூடச் சாப்பிட வேண்டியிருக்கலாம், நடுவில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஓடி வர வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையக்கூடும் என்றார். மாத்திரையை வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

புதிய மாத்திரையோடு பழைய டப்பாக்களும் வேண்டுமா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. ஷிப்ட் முடிந்து சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்ததும் டாக்டருக்கு ஈமெயில் எழுதினேன். அவர் போனில் கதை கேட்பதில்லை, எழுதி அனுப்பச் சொல்வார். ஆபீஸில் கோளாறு பதிவு செய்வது போலவே எழுதினேன். பெயர், அளவு, எப்போதிலிருந்து, எதற்காக. கீழே ஒரே கேள்வி: "இவற்றில் எதையாவது சாப்பிடுவதில் உண்மையிலேயே பிரயோஜனம் இருக்கிறதா?" ஆறு டப்பாவுக்கு ஆறு வரிகள்.

டீயோடு வந்த என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"முடி மாத்திரைய இன்னாத்துக்குயா வுட்டுட்ட?"

"அது மருந்தா? சும்மா முடிக்கு."

"துன்றல்ல? அப்ப எழுது. வேஸ்ட்டுனு அந்தம்மா சொல்லட்டும், அப்பயாச்சும் நிறுத்துவ."

எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் என் மண்டையைப் பார்த்தபடி பேசுவாரே என்று கூச்சம். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஏழாவது வரியைத் தானே அடித்து, அனுப்பியும் விட்டாள். எரிச்சலோடு போய்ப் படுத்தேன்.

ஞாயிறு மதியம் பதில் வந்தது. "ஏழாவது வரிக்கு மட்டும் இப்போது பதில். தைராய்டு மாத்திரையைத் தொடங்காதீர்கள், தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள். இந்த அளவு பயோட்டின், சில லேப் முறைகளில் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். அதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். சத்து மாத்திரை உண்டா என்று நானும் தனியாகக் கேட்டிருக்க வேண்டும்."

பிரிக்காத மாத்திரை அட்டை சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

அடுத்த வாரம் அதே லேபில் எல்லா அளவும் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டோடு நானும் மனைவியும் போனோம். படபடப்புக்கு என் ஆறு காபியையும் நாலு மணி நேரத் தூக்கத்தையும் கணக்கில் வைத்தார் டாக்டர். எடையைப் பற்றிக் கேட்டார், ராத்திரிச் சாப்பாட்டையே விட்டிருந்ததை ஒப்புக்கொண்டேன். மாதாமாதம் எடை பார்க்கச் சொன்னார். பிறகு என் பட்டியலுக்கு வந்தார். வைட்டமின் டி ரத்தத்தில் குறைவாக இருந்தால் மட்டும். மெலடோனின் கொஞ்ச நாளுக்கு, பகலில் தூக்கம் பிடிக்காவிட்டால். மீனும் கறியும் சாப்பிடுகிறவருக்கு பி12 எதற்கு, மத்தி கிடைக்கிற ஊரில் மீன் எண்ணெய் எதற்கு என்றார். மல்டிவைட்டமினும் ஜிங்க்கும் வேண்டாம். முடிக்கு பயோட்டின், குறைபாடு இல்லாதவருக்குப் பயன்படாது.

நாங்கள் எழுந்திருக்கும்போது, "நல்ல வேளை, கூச்சப்படாம முடி மாத்திரையையும் எழுதினீங்க. நிறைய பேர் மறைச்சிடுவாங்க" என்றார்.

"ஆமாம் டாக்டர்" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் என் மனைவி என் முன்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.