கவனிக்கிற கண்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'கிறுக்கி' என்று பெயர். பாடம் நடக்கும்போது கை சும்மா இருக்காது. நோட்டின் ஓரமெல்லாம் முகங்கள், அம்புகள், மேகங்கள். கை நின்றால் காதும் நின்றுவிடும் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. நாற்பது வயதுக்கு மேல் அந்தக் கிறுக்கலுக்கே சம்பளம் கிடைத்தபோது கிறுக்கியின் கணவன் சிரித்தான். "உன்னை முட்டி போட வெச்ச டீச்சருக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்டி" என்றான். அவன் எலக்ட்ரீஷியன். எதையும் வேடிக்கையாகப் பேசுகிறவன்.

அவள் வேலை பார்த்தது ஒரு மேலாண்மைப் பயிற்சி நிறுவனத்தில். அலுவலகங்களிலிருந்து அதிகாரிகள் வந்து வகுப்பில் உட்காருவார்கள். பேராசிரியர் பேசப் பேச, அவள் பக்கவாட்டு மேசையில் பெரிய வெள்ளைத் தாளை விரித்து, மொத்தப் பேச்சையும் ஒரே பக்கத்துப் படமாக்குவாள். சொன்னதையெல்லாம் எழுதக் கூடாது. பேச்சின் எலும்பு எது என்று காத்திருந்து பிடிக்க வேண்டும். தலைப்புக்குத் தடித்த எழுத்து, கருத்துக்கு ஒரு சின்னப் படம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு, மூச்சு விட வெற்றிடம். கறுப்பு மையோடு ஒரே ஒரு வண்ணம். எல்லாவற்றுக்கும் மேலாக, தாளைப் பார்த்ததும் கண் முதலில் எங்கே போய் விழ வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அன்றைய வகுப்பு ஒரு பழைய தொழிற்சாலை ஆய்வைப் பற்றியது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது. "அப்போ காரணம் விளக்கு இல்ல" என்றார் பேராசிரியர். "அவங்கள யாரோ கவனிச்சாங்க. அதான்." பிறகு வந்தவர்கள் அந்தக் கணக்குகளைத் திரும்பப் பார்த்துச் சந்தேகம் கிளப்பியதையும், மேலாளர்கள் தொழிலாளிகளிடம் உட்கார்ந்து பேசத் தொடங்கியதையும் விரிவாகச் சொன்னார்.

கவனிச்சாங்க. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை தானாக ஓடியது. தாளின் நடுவே பெரிய கண் ஒன்று வந்தது. கீழே குனிந்து வேலை செய்யும் சின்ன உருவங்கள், ஒரு பக்கம் பிரகாசமான பல்பு, மறுபக்கம் மங்கிய பல்பு. சந்தேகம் கிளப்பியவர்களுக்கு மூலையில் ஒரு சின்னக் கேள்விக்குறி. மேலாளர்கள் உட்கார்ந்து பேசியதற்குத் தாளில் இடமில்லை. கருமணியில் அவள் விட்ட வெள்ளைப் புள்ளி கச்சிதமாக அமைந்தது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வகுப்புக்கு வந்திருந்த ஒரு காப்பீட்டு அலுவலக மேலாளர் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் போனார். மூலத்தைக் கிறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒட்டினாள். மறுநாள் பார்த்தால் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"நான்தான் திருப்புனேன்" என்றான் கணவன். "சோறு இறங்க மாட்டேங்குது."

அதையும் வேடிக்கையாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து அந்த மேலாளர் கூப்பிட்டார். "உங்க படம் வேலை செய்யுதும்மா! வந்து பாருங்க. இன்னொண்ணும் வரையணும்."

மதிய வேளை. மாடி ஏறிக் கதவைத் தள்ளினாள். வெளியே நல்ல வெயில், உள்ளே அந்தி போல மங்கல். ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தார்கள், பாதி விளக்குகள் அணைந்திருந்தன. வரிசையாக ஆட்கள். விசைப்பலகைச் சத்தம் தவிர வேறில்லை. இருமல்கூட இல்லை. எல்லோர் முதுகும் ஒரே மாதிரி நிமிர்ந்திருந்தது. கதவு திறந்த சத்தத்துக்கு ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டு, அவளுடைய கண்.

கருமணியை நட்டநடுவில் வரைந்தால் எங்கிருந்து பார்த்தாலும் நம்மையே பார்ப்பது போலிருக்கும். அது தொழில் தெரிந்தவர்களுக்குப் பழைய சங்கதி. தெரிந்தும் அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். பார்த்தது. தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கினாள். அங்கேயும் பார்த்தது. தன் முதுகும் நிமிர்ந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"விளக்கக் குறைச்சுப் பார்த்தேன்" என்று மேலாளர் கிசுகிசுத்தார். தன் அலுவலகத்திலேயே அவர் ஏன் கிசுகிசுக்கிறார்? "வேலை ஏறுச்சு. இன்னும் குறைச்சேன். இன்னும் ஏறுச்சு. நீங்க வரைஞ்ச மாதிரியே." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நானும் இப்பல்லாம் ரூம் கதவ சாத்துறதில்லம்மா. சாத்துனா ஏதோ ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒரு பெண் ஊழியர் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "நீங்களா அக்கா அத வரைஞ்சது?"

"ஆமாம்மா."

"வீட்டுக்குப் போனாலும் விட மாட்டேங்குதுக்கா. அடுப்பு முன்னாடி நிக்கும்போதும் வேகமா செய்யணும்னு தோணுது. குழந்தை கதை கேட்டா வாய் வர மாட்டேங்குது. யாரோ நேரம் பார்க்குற மாதிரி." சொல்லிவிட்டு டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று இருக்கைக்குப் போய்விட்டாள்.

கிறுக்கி நேரே பேராசிரியரிடம் போனாள். அன்று வகுப்பு முடிந்ததும் அவசரமாகக் கிளம்பியவர், அவள் கைபேசியில் இப்போதுதான் படத்தைப் பார்த்தார். "கண்ணா? நான் கண்ணுன்னு சொல்லவே இல்லையே."

"கவனிச்சாங்கன்னு சொன்னீங்க சார்."

"ஆமா, கவனிச்சாங்க. நோயாளிய வீட்டுல கவனிச்சுக்குறோமே, அந்த மாதிரி. என்ன கஷ்டம்னு கேட்டாங்க, சொன்னதக் காது கொடுத்துக் கேட்டாங்க." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "நானும் எந்தக் கவனிப்புன்னு பிரிச்சுச் சொல்லியிருக்கணும்."

ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு சொல்லுக்கு இரண்டு முகம். அவள் ஒன்றைத் தாளில் உட்கார வைத்து, மற்றதை வெளியே தள்ளிவிட்டாள்.

அன்றைய வகுப்பின் ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டுப் புதிதாக வரைந்தாள். நடுவில் இரண்டு நாற்காலிகள், எதிரெதிரே இருவர். ஒருவர் பேசுகிறார், மற்றவர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். வண்ணம் காதுக்கு மட்டும். பல்புகள் ஓரத்துக்குப் போயின. அவற்றின் மேல், யாரும் தவறவிட முடியாத அளவில், கேள்விக்குறி.

மேலாளர் மறுக்கவில்லை. யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தவர் போலத் தானே ஏணி போட்டுப் பழையதைக் கழற்றினார். திரைகள் விலகின, விளக்குகள் எரிந்தன. புதுப் படம் வேறு சுவரில் ஏறியது.

ஆனாலும் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. பழைய படம் இருந்த இடத்தில் சுவர் கொஞ்சம் வெளுத்திருந்தது. வேலைக்கு நடுவே எல்லோரும் அந்த வெற்றிடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்தார்கள். மேலாளரும் பார்த்தார்.

"சுண்ணாம்பு அடிச்சிடலாமா?" என்றார்.

"அடிங்க சார். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாற்காலி போட்டு இவங்ககூட உட்காருங்க."

உட்கார்ந்தார். முதல் சில நாள் கைகளை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லையாம். என்ன கேட்டாலும் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் பதில் வந்ததாம். அப்புறம் ஒருவர் நாற்காலி ஆடுகிறது என்றார். இன்னொருவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார். வேலைக் கணக்கு இறங்கிப் பழைய அளவுக்கே வந்து நின்றது.

மழைக்காலம் முடியும்போது தொலைபேசியில் அவரே சொன்னார். "இன்னிக்கு ஆபீஸ்ல யாரோ சத்தமா சிரிச்சாங்கம்மா. எல்லாரும் பயந்துட்டோம். அப்புறம் எல்லாருமே சிரிச்சோம்."

கிறுக்கி இன்றும் அதே மேசையில்தான் வரைகிறாள். நடுவில் எழுந்து, "இந்த வார்த்தைய எந்த அர்த்தத்துல சொல்றீங்க சார்?" என்று கேட்கிறாள். அதிகாரிகள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கண் மட்டும் வரைவதில்லை. அவள் தாளில் வரும் மனிதர்களுக்கெல்லாம் முகத்தில் ஒரு மூக்கும் ஒரு வாயும்தான்.