‘தப்பு’ சார் காலமானார்

செய்தி அறைக்கு வந்து சேருவதற்குள்ளேயே அந்த மரணத்துக்குக் கை கால் முளைத்துவிட்டது. கிராமத்து வாலிபால் பயிற்சியாளர் மைதானத்திலேயே, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி உயிர்விட்டாராம். வயது எண்பதாம். பத்திரிகை ஆசிரியருக்கு வாயெல்லாம் பல்.

"பெட்டிச் செய்தியா போட்டுடும்மா. படிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும்."

வட்டாரச் செய்தியாளருக்குப் பொய்யென்றால் பற்றிக்கொண்டு வரும். அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற வாய் வேறு. அதனாலேயே பதவி உயர்வு அவள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பயிற்சியாளரின் மனைவிக்குப் போன் செய்து ஆறுதல் சொன்னாள், அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள், அப்புறம்தான் கேட்டாள்.

"பந்தா? தலையணையில சாஞ்சமேனிக்குத்தான் போனாரு. கிட்னி கெட்டு ரெண்டு வருஷமா படுக்கைதான். வயசு எழுபத்தாறு."

"என்ன நோவுன்னு போடலாமாம்மா?"

"போடு. அவரு எதை மறைச்சாரு? ஆனா 'தப்பு'ன்னு போட மறந்துடாத. சொந்தப் பேரை மட்டும் போட்டா, யாரோ போயிட்டாங்கன்னு ஊரு பக்கத்தைத் திருப்பிடும்."

அந்தப் பட்டப்பெயர் வந்த கதையை, அன்று அவரது பெண்கள் அணிக்குத் தலைவியாக இருந்து இன்று செவிலியராக இருப்பவர் சொன்னார். இறுதி ஆட்டம், கடைசிப் புள்ளி. எதிரணி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழ, நடுவர் கோப்பையை இவர்களுக்கே தந்துவிட்டார். பெண்கள் குதித்துக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர், "தப்பு! எங்க பொண்ணு விரல்ல பட்டுதான் வெளிய போச்சு!" என்று கத்தினார். புள்ளி எதிரணிக்குப் போனது, பின்னாலேயே கோப்பையும் போனது. செய்தியாளர் அதோடு விடாமல் அந்த நடுவரையும் தேடிப் பிடித்துக் கேட்டாள். "சத்தியமா நான் கவனிக்கலம்மா" என்றார் அவர்.

விளையாட வருவதை நிறுத்திவிட்ட பெண்களின் வீட்டு வாசலில், திரும்ப அனுப்பச் சொல்லி அவர் பிடிவாதமாக நின்றதையும், கிழிந்த வலையைத் தானே முடிச்சுப் போட்டதையும் சேர்த்து எழுதினாள். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எங்கும் எழுதவில்லை.

ஆசிரியர் முகம் சுளித்தார். "ஒரு கோப்பைகூட வாங்காத ஆளா? மைதானத்துல செத்தாருன்னே இருக்கட்டும். செத்தவரு வந்து கேக்கவா போறாரு?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"கைக்கு வந்த கோப்பையைத் திருப்பிக் கொடுத்தவரு சார் அவரு. அவர் சாவுலயே பொய் சொன்னா, அதைவிடக் கேவலம் வேற இல்ல. மாத்தினா என் பேரை எடுத்துடுங்க. கேக்கிறவங்ககிட்ட ஏன் எடுக்கச் சொன்னேன்னும் சொல்லுவேன்."

"உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆகாதும்மா" என்று முனகியபடி, அவர் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் அச்சுக்கு அனுப்பினார்.

காலையில் பயிற்சியாளரின் மனைவி கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"ஒரு தப்பும் இல்லம்மா" என்றார் அவர்.