சிம் யார் கையில்

அந்த உதவி மையத்தின் ஆலோசகரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அடிபடும் பெண்கள் சொல்வதைக் கேட்பது அவள் வேலை. கூட வேலை செய்கிறவர்களிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அழுதுகொண்டு வருகிறவளிடம் மட்டும் பொறுமைக்குப் பஞ்சமே இல்லை.

வாசல் தாண்ட முடியாதவர்களுக்காக மையம் ஒரு செயலி செய்தது. உள்ளே நுழைய எந்த வழி என்பதில் பெரிய வாக்குவாதம்.

"நம்பருக்கு ஓடிபி அனுப்பலாம், சுலபம். ஆனா சிம் யார்கிட்ட இருக்கோ அவங்க நுழைஞ்சிடலாம்," என்றான் செயலி செய்தவன். "ஈமெயில் இன்னும் ரகசியம், ஆனா பாஸ்வேர்டு மறந்துட்டா தவிப்பாங்க. சோஷியல் மீடியா கணக்குன்னா ஒரே தட்டு. அந்தக் கணக்கைப் புருஷன் திறந்து குடுத்திருந்தா, எந்தச் செயலியில நுழைஞ்சாங்கன்னு பாத்துடுவார்."

"ஈமெயிலை அவங்க எங்க தம்பி கண்டாங்க? நம்பர் ஒண்ணே போதும்." அக்கா ஒரே போடாகப் போட்டாள். அவன் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

செயலியில் வந்தவர்களில் ஒருத்திக்கு மாடிவீட்டுக்காரி என்று அக்காவே பெயர் வைத்திருந்தாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் சாக்கில் எழுதுவாள். வரிக்கு வரி அக்கா, அக்கா. கடைசியில் ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"சிம்மை அவர் பிடுங்கி அவர் ஃபோன்ல போட்டுக்கிட்டார் அக்கா. வைஃபைல எழுதறேன். வியாழக்கிழமை பொண்ணோட வந்துடறேன்."

"தைரியமா வாம்மா. வாசல்லயே நிக்கறேன்," என்று அக்கா பதில் போட்டாள். சந்தோஷத்தில் முதல் வரி அவளுக்கு உறைக்கவே இல்லை.

வியாழக்கிழமை பொழுது சாயும்வரை வாசலில் நின்றாள். யாரும் வரவில்லை. உள்ளே வந்தபோது ஒரு செய்தி காத்திருந்தது.

"மேடம், நான் நல்லா இருக்கேன். இனிமே எழுதாதீங்க."

மேடமா? அக்கா உடனே செயலி செய்தவனை அழைத்தாள். அவன் அவளுடைய கணக்கைத் திறந்து பார்த்தான்.

"நேத்து வேற ஃபோன்லேர்ந்து நுழைஞ்சிருக்காங்க. அதே நம்பர், ஓடிபி சரியா போட்டிருக்காங்க. புருஷன் பழசு எல்லாத்தையும் படிச்சிருப்பார்."

"பூட்டிடு."

"பூட்டினா ரெண்டு பேரும் வெளிய. திரும்ப நுழைய அவங்களுக்கு ஓடிபி வேணும்க்கா." அது போய்ச் சேர்வது புருஷனின் ஃபோனுக்கு.

செயலியில் அவள் முகவரி கிடையாது; கேட்டால் பயப்படுவார்கள் என்று தடுத்தவளும் அக்காதான். காவல் நிலையத்தில் நம்பரைக் குறித்துக்கொண்டு பார்க்கிறோம் என்றார்கள்.

புருஷனைச் சீண்டினால் அடி அவளுக்குத்தான். "சந்தோஷம்மா, நல்லா இருங்க," என்று எழுதி அனுப்பினாள் அக்கா.

அனுப்பிய கையோடு, படித்தாயிற்று என்ற அடையாளம் விழுந்தது.