யாரும் கேட்காத அவுட்

எங்கள் நைனா கடைசியாக விளையாடிய கிரிக்கெட் மேட்சில் சித்தூர் டீம் தோற்றுப்போனதற்கு நான்தான் காரணம். பதினைந்து வருடமாக வீட்டில் இதை யாரும் மறக்கவில்லை. மாமா இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் காபி கேட்பார், அடுத்து இதைப் பற்றிப் பேசுவார்.

நைனா சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வாரத்தில் ஆறு நாள் கூழின் புளிப்பையும் இனிப்பையும் அளப்பார். ஏழாவது நாள் விடியற்காலை ஆராதனைக்கு வந்து, கடைசி ஆமென் முடிவதற்குள் வெள்ளை உடுப்போடு வேனில் ஏறிவிடுவார். எங்கள் சர்ச் காம்பவுண்டுப் பையன்கள் ஆரம்பித்த கிளப் அது. பிறகு தெலுங்குப் பையன்களும் சேர்ந்தார்கள். பதினோரு வருடம் நைனாதான் கேப்டன். அம்மாவின் தம்பியான என் மாமா விக்கெட் கீப்பர், துணைக் கேப்டனும் அவரே.

ஃபீல்டிங்கின்போது நைனா எப்போதும் ஷார்ட் ஃபைன் லெக்கில்தான் நிற்பார். கீப்பருக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில், பந்து அபூர்வமாக வருகிற இடம். “மாமா, நீங்க இங்க நின்னாதான் எல்லாரையும் பாத்துகினே இருக்கலாம்” என்று என் மாமாதான் அவரை அங்கே அனுப்புவார். கேப்டன்களுக்கென்றே ஒதுக்கிய இடம் அது என்று நினைத்து நான் பள்ளியில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பத்து வயது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நைனா தன் கிட் பையைக் கூடத்தில் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: “நாளைக்குத் திருப்பதியில ஆடுறதுதான் கடைசி. அவுட் ஆயி வெளிய வந்தேன்னா அதோட முடிஞ்சுது. ஒருத்தருக்கும் சொல்லாத. உன் தம்பிக்கும்தான்.”

எங்கள் கிளப்பில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தை விடுகிறவர் முன்கூட்டி மூச்சு விடக் கூடாது. மேட்ச் முடிந்த பிறகு எல்லோர் நடுவிலும் கிட் பையைத் திறந்து, அதிலுள்ள சாமானை ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்து, கொடுக்கும்போது அவரைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். பை காலியானதும் ஆள் வெளியே. முன்பே சொன்னால் எதிர் டீம் உண்மையாக ஆடாது என்பது இந்த வழக்கத்துக்குக் காரணம். “தெரிஞ்சா அவனுங்க பந்து போட மாட்டானுங்க, பிரசாதம்தான் போடுவானுங்க” என்றார் நைனா.

இவ்வளவையும் நான் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் உட்கார்ந்து கேட்டேன். எனக்குள் அழுகை முட்டியது. வேன், ஜன்னலோர இடம், வழியில் வாங்கித் தரும் பூரி, எல்லாமே போய்விடுமே! ஆனால் நான் கணக்கில் கெட்டிக்காரி. அவுட் ஆனால் முடிந்தது என்றால், அவுட் ஆகாவிட்டால் முடியாது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் அம்மாவும் ஒரு பெரிய தூக்கில் புளியோதரையோடு வேனில் ஏறினாள். ஒருநாளும் மேட்சுக்கு வராத தன் அக்கா வந்ததும் மாமா சந்தேகமாகப் பார்த்தார். மலையைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாள் அம்மா. எங்களைப்போன்ற சர்ச் குடும்பத்துக்குத் திருமலை மேல் திடீரென்று என்ன ஆசை என்று மாமா கேட்கவில்லை. அவருக்கு வேறு கவலை. அன்றைக்கு ஜெயித்தால் அரையிறுதி, தோற்றால் வீடு.

திருப்பதிக்காரர்கள் முதலில் ஆடி முப்பத்தைந்து ஓவரில் நூற்று அறுபத்தெட்டு எடுத்தார்கள். இடைவேளையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் நேராக அவர்களுடைய கேப்டனிடம் போனேன். பெரிய மீசை, பெரிய உடம்பு. எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடத் தெலுங்கில், எங்கள் நைனாவுக்கு இதுதான் கடைசி மேட்ச், தயவுசெய்து அவரை அவுட் ஆக்காதீர்கள் என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தலையில் கைவைத்து, “சரேலேம்மா” என்றார். கையில் ஒரு வாழைப்பழமும் கொடுத்தார். காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கே ஆச்சரியம்.

எங்கள் டீம் ஐந்து விக்கெட் இழந்து தடுமாறிக்கொண்டிருந்தபோது நைனா பேட்டோடு இறங்கினார். திருப்பதிக்காரர்கள் பதினோரு பேரும் கைதட்டினார்கள். நைனா அதை ஊர் மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! வேகப்பந்துக்காரர் இடுப்பு உயரத்தில் மெல்ல ஒரு ஃபுல்டாஸ் போட்டார். நைனா பவுண்டரிக்கு அடித்தார். அடுத்தது பாதி தூரத்திலேயே குத்தி எழும்பி, அடி என்னை என்று வந்தது. அதையும் அடித்தார். மிட் ஆஃபில் கைக்குள் விழுந்த கேட்ச் ஒன்றை ஒரு பையன் சாவகாசமாகத் தரையில் விட்டான். விட்டுவிட்டு என் பக்கம் பார்த்துச் சிரித்தான். மற்ற முனையில் மட்டும் பந்து தீயாக வந்தது. வரிசையாக மூன்று பேர் அவுட் ஆன பிறகு அந்த முனைக்கு மாமா இறங்கினார். அம்மா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் நிம்மதியாக வாழைப்பழம் சாப்பிட்டேன்.

எட்டு விக்கெட்டுக்கு நூற்று ஐம்பத்தேழு. இன்னும் பன்னிரண்டு ரன், பதினாறு பந்து. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் தொட நைனா பேட்டை நீட்டினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். மரத்தடியில் இருந்த எங்களுக்கே கேட்டது. கீப்பர் பந்தைப் பிடித்தார். பிடித்தவர் வாயே திறக்காமல் அதைப் பக்கத்தில் நின்றவரிடம் தூக்கிப் போட்டார்.

கிரிக்கெட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. ஃபீல்டிங் செய்கிறவர்களில் ஒருவராவது கேட்டால்தான் அம்பயர் அவுட் கொடுக்க முடியும். கேட்காவிட்டால், உலகமே பார்த்திருந்தாலும் அவர் விரலைத் தூக்கக் கூடாது. அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அம்பயர் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

நைனா அம்பயரைப் பார்த்தார், கீப்பரைப் பார்த்தார், அந்தப் பெரிய மீசையைப் பார்த்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அந்த ஃபுல்டாஸ் எல்லாம் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

“மாமா! யாருமே கேக்கலியே, நீங்க இன்னாத்துக்குப் போறீங்க?” என்று என் மாமா ஓடிவந்து மறித்தார்.

“தொட்டுச்சுடா.”

“அம்பயரே சும்மா நின்னுகினு இருக்காரு!”

அம்பயரும் அருகில் வந்து, தப்பாக நினைத்துக்கொண்டு போகிறீர்களா என்று விசாரித்தார். பேட்டில் பட்டது, நான் அவுட் என்றார் நைனா. அவுட்டான ஆள் தானே வெளியேறினால் அதற்குமேல் அப்பீல் தேவையில்லை. ஸ்கோர் புத்தகத்தில் கீப்பர் பிடித்த கேட்ச் என்று எழுதினார்கள். கடைசி ஆளை வைத்துக்கொண்டு மாமா ஏழு ரன் எடுத்தார். அந்தக் கடைசி ஆளின் நடு ஸ்டம்பு பறந்தது. நான்கு ரன்னில் தோற்றோம்.

எல்லோரும் மரத்தடியில் கூடினார்கள். நைனா நடுவில் உட்கார்ந்து கிட் பையின் ஜிப்பைத் திறந்தார். அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. பேடுகளை எடுத்துத் தொடக்க ஆட்டக்காரரிடம் கொடுத்து, “நீ நல்லா ஆடுற, அவுட் ஆனா மட்டும் ஆடுகளத்தையே மொறைக்கிற. அது இன்னா பாவம் பண்ணுச்சு?” என்றார். சிலர் சிரித்தார்கள். கையுறை ஒருவருக்கு, ஹெல்மெட் ஒருவருக்கு. இடுப்புக்குக் கீழே போடும் கவசத்தை எடுத்ததும் பத்து பேரும் ஒரேயடியாக வேண்டாம் என்று கத்தினார்கள். பேட்டைக் கடைசி ஆளுக்குக் கொடுத்து, “இதுல நடுவுலதான் படணும், அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ” என்றார்.

கடைசியாக, பதினோரு வருடம் டாஸ் போட்ட பழைய ஐந்து ரூபாய்க் காசு. அது அடுத்த கேப்டனுக்கு. நைனா நீட்டினார். மாமா கையை நீட்டவில்லை.

“நின்னிருந்தா நாம ஜெயிச்சிருப்போம். செமிஃபைனல் போச்சு.”

நைனா நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துத் திருப்பதிக்காரர்கள் கைகுலுக்க வந்தார்கள். பெரிய மீசைக்காரர் என்னைச் சுட்டிக்காட்டி, பாப்பா கேட்டுக்கொண்டதால்தான் அப்படி ஆடினோம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். இருபத்தைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. நான் அம்மாவின் புடவைக்குள் புகுந்தேன்.

நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாமாவிடம் சொன்னார்: “இவங்களாவது ஒரு நாள்தான் செஞ்சாங்க. நீங்க ரெண்டு சீசனா செஞ்சுகினு இருக்கீங்க. என்னால ஓட முடியலன்னு ஷார்ட் ஃபைன் லெக்ல நிக்கவெச்சு, ரெண்டாவது ரன்னுக்கு வேணாம் வேணாம்னு கையக் காட்டி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என் எடத்துல ஆட வேண்டிய பையன் வெளிய தண்ணி பாட்டில் தூக்கிகினு திரியுறான். கேப்டன்தான் டீம எழுதணும். என் பேர நானே எழுதிகினு இருந்தா அது நியாயமா?”

மாமா தரையைப் பார்த்தார். முகம் சிவந்துபோய், கையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டார். “இது உன்னப் பத்தின உண்மை. ரொம்ப நல்லவன்டா நீ, அதான் கெடுதல்” என்றார் நைனா.

பெரிய மீசைக்காரருக்கு முழுவதும் புரிந்ததோ இல்லையோ, தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பதினோரு பேரும் கையை உயர்த்தி, மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிப் பறக்கும்படி ஒரே குரலில் அவுட் கேட்டார்கள்.

“டைம் தாண்டிப்போச்சுப்பா! அடுத்த பந்து போடறதுக்குள்ள கேக்கணும்” என்று நைனா கத்தினார்.

ஓரமாக மோர் குடித்துக்கொண்டிருந்த அம்பயர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்று, முறைப்படி நைனாவைப் பார்த்து, விரலைத் தூக்கினார்.

எல்லோரும் கூச்சலிட்டார்கள். மாமா நைனாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அம்மா அழுதுகொண்டே புளியோதரைத் தூக்கைத் திறந்தாள். நான் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இவ்வளவு பாடுபட்டு நான் காப்பாற்றிய நைனாவை, மேட்ச் முடிந்த பிறகும் விடாமல் அவுட் ஆக்கிவிட்டார்களே. அதைவிட, அந்த விரலைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏன் அப்படி ஒரு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவேயில்லை. காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் சந்திரகிரி வரை அவர் பாடிக்கொண்டே வந்தார். நான் அவரோடு பேசவில்லை.