சிக்கிக்கொண்ட பாட்டு

1988-ஆம் வருடம், ஆடி கழிந்த சமயம். அப்போது ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு கேசட் ரிக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஜோலார்பேட்டையில் மூட்டை தூக்கி, பேண்டு செட்டோடு இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய் டிரம் அடித்து, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்து, கடைசியில் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கமாட்டேன். அங்கே மூன்று வருடம் இருந்தேன், பாட்டு கேட்டுக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்பதால்.

கடைக்குப் பின்னால் ஒரு தோல் ஷாப். மாடி அளவு மர உருளைகளில் தோலையும் தண்ணீரையும் போட்டு நாளெல்லாம் சுற்றவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தோல் மேலே ஏறிப் பொத்தென்று விழும். அந்தச் சத்தம் சுவர் வழியாக வந்து என் முதுகில் தட்டும். மதிய வெயிலில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தால், காதில் கேட்பது எது, முதுகில் தட்டுவது எது என்று பிரிக்க முடியாது. பாதித் தூக்கம் மாதிரி ஒரு நிலை. அதிலேயே என் கை பட்டன்களை அமுக்கிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஒரு விஷயத்தில் பெயர் உண்டு. பழைய எல்.பி. ரிக்கார்டுகளில் கீறல் விழுந்தால் ஊசி மாட்டிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். ஊசியை விரலால் லேசாகத் தள்ளி, பதிவை நிறுத்திப் பிடிக்கும் பாஸ் பட்டனை அமுக்கி, திரும்ப வந்ததையெல்லாம் வெட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் பதிவு செய்து கொடுப்பேன். இதற்காகவே வாணியம்பாடியிலிருந்தெல்லாம் வருவார்கள். கடை முதலாளி பாய் அதைப் பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள் ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு லெதர் கம்பெனியில் டைப்பிஸ்ட், வெளிநாட்டுக் கடிதங்கள் அவர் கையில்தான் தயாராகும். வேலை பார்த்துக்கொண்டே வேலூரில் ஒரு கல்லூரியில் சமூகவியலில் எம்.பில். படித்தார். தோல் வாங்க அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வியாபாரி அவருக்கு ஒரு கேசட்டை இரவல் தந்திருந்தார். சாயங்காலம் அந்த வியாபாரி மெட்ராஸ் போய்விடுவார், அதற்குள் நகல் எடுத்துத் தர வேண்டும் என்றார். சனிக்கிழமை கல்லூரியில் தன் கட்டுரையை வாசிக்க வேண்டும், அதற்கு இது வேண்டும் என்பது மட்டும் சொன்னார்.

ஓட்டிப் பார்த்தேன். ஒரு டிரம் சத்தம், ஐந்து விநாடி இருக்கும், திரும்பத் திரும்ப அதுவே வந்தது. அதன் மேல் அவ்வப்போது ஒருவன் பாடாமல் வேகமாகப் பேசினான். நடுநடுவே ரிக்கார்டைக் கையால் தேய்ப்பது போலக் கறக் கறக்கென்றது. ஐயோ பாவம், எவனோ கெட்டுப்போன ரிக்கார்டிலிருந்து எடுத்த கேசட்டை இந்த அம்மாவின் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தேன். பின்னால் தோல் விழுந்துகொண்டிருந்தது. நான் என் வேலையைச் செய்தேன். பேச்சில்லாமல் திரும்பத் திரும்ப வந்ததையெல்லாம் வெட்டினேன், கறக் கறக்கை வெட்டினேன். ஐந்து நிமிடப் பாட்டு இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக, சுத்தமாக வந்தது. மறுபக்கத்தில் வேறொரு பழைய பாட்டு, அதில் குறை இல்லாததால் அப்படியே பதிந்துவிட்டேன்.

புதன்கிழமை அவர் திரும்பி வந்தார். அசல் கேசட் வியாபாரியோடு போய்விட்டிருந்தது.

"அண்ணா, பாட்டு பாதிதான் இருக்குது. டிரம்ஸ் திரும்பத் திரும்ப வருமே, அது எங்க?"

பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில், "ஒரிஜினலே அப்பிடித்தாம்மா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சண்டை போடவில்லை. "நான் ஆபீஸ்ல ஒருதரம்தான் கேட்டேன். அப்ப எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். பையிலிருந்து டைப் அடித்த தாள்களை எடுத்து, எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவால் பத்தி பத்தியாக அடிக்க ஆரம்பித்தார். இது என்ன என்று பாய் விசாரித்தார். ஒரு பாட்டில் எது யாருக்குச் சொந்தம் என்பதுதான் கட்டுரை, அவருடைய புரொபசருக்கு அந்தத் தலைப்பிலேயே நம்பிக்கை இல்லையாம். சனிக்கிழமை பாட்டைப் போட்டுக் காட்டி நிரூபிக்காவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டும், ஒரு வருடம் போய்விடும். கம்பெனியில் அடுத்த வருடம் சனிக்கிழமை லீவு தரமாட்டார்கள், படிப்பே நின்றுவிடும்.

பேனா அடித்துக்கொண்டே போனது. ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டது. தோல் ஷாப்பில் எத்தனையோ பேர் எனக்குத் தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான் சொன்ன பொய்யால் ஒருவர் தன் காதையே நம்பாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

"அடிக்காதீங்கம்மா" என்றேன். "உங்க காது சரியாத்தான் கேட்டிருக்கு. நான்தான் வெட்டிட்டேன். ஊசி மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னாப்பா, ரிப்பேர் பண்றேன்னு ஆளையே காலி பண்ணிட்டியே" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்து முகம் சிவந்தது. பிறகு, "ஊசி மாட்டிக்கிச்சா?" என்று சிரித்துவிட்டார். உட்கார்ந்து எனக்கு விளக்கினார்.

அமெரிக்காவில் ஏழை கறுப்பு இளைஞர்கள் இருக்கும் தெருக்களில் தொடங்கிய பாட்டாம் அது, ஹிப் ஹாப். பழைய ரிக்கார்டில் பாட்டு ஓய்ந்து டிரம் மட்டும் ஒலிக்கும் இடம் ஒன்று வரும். ஆடுகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் சில விநாடிதான் வரும். அதனால் ஒரே ரிக்கார்டில் இரண்டை வாங்கி, இரண்டு பிளேயரில் வைத்து, ஒன்று ஓடும்போது மற்றதைக் கையால் பின்னுக்குச் சுற்றி, அந்த இடத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். கறக் கறக் அந்தக் கையின் சத்தம். பிறகு ஒரு மெஷின் வந்தது. அது ஒலியில் ஒரு துண்டை எண்களாக மாற்றி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், பட்டனைத் தொட்டால் திருப்பிச் சொல்லும். அதற்கு சாம்ப்ளிங் என்று பெயர்.

இப்போது அங்கே கம்பெனிகள் வழக்குப் போடத் தொடங்கிவிட்டன என்றார். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறதாம். மெட்டு ஒன்று, அது இசையமைத்தவருக்கு. அந்த மெட்டு பதிவான ரிக்கார்டு இன்னொன்று, அது கம்பெனிக்கு. அதே தாளத்தை நீங்களே புதிதாக அடித்துப் பதிந்தால் ரிக்கார்டுக்காரர் காசு கேட்க முடியாது. ரிக்கார்டிலிருந்தே ஒலியை எடுத்தால் அவரும் கேட்பார், மெட்டுக்காரரும் கேட்பார். எத்தனை விநாடி வரை அனுமதி இல்லாமல் எடுக்கலாம் என்று இன்னும் யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. பாதி வழக்கு கோர்ட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

"அந்த டிரம் அடிச்சவனுக்கு?" என்று கேட்டேன்.

"அன்னிக்குக் குடுத்த கூலியோட சரி."

எனக்கு அது புதிதல்ல. பேண்டு செட்டில் இருந்தபோது மெட்ராஸில் ஒரு பக்திப் பாட்டு ரிக்கார்டுக்கு டிரம் அடித்திருக்கிறேன். சாப்பாடும் பஸ் காசும் கூலியும் தந்தார்கள். கவரில் என் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

போன பாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் கேசட்டின் மறுபக்கத்தில் இருந்த பழைய பாட்டுதான் அந்த டிரம்மின் பிறந்த இடம் என்று அவர் சொன்னார். வியாபாரி ஒப்பிட்டுக் கேட்பதற்காகச் சேர்த்துப் பதிந்திருக்கிறார். அது என் கை படாமல் முழுசாக இருந்தது. கடையில் இரண்டு கேசட் டெக் உண்டு. ஒன்றில் பழைய பாட்டை ஓட்டினேன். டிரம் தொடங்கும் அடியில் மற்றதில் பாஸை விட்டேன், முடியும் அடியில் அமுக்கினேன். பின்னுக்குச் சுற்றி மறுபடி விட்டேன், மறுபடி அமுக்கினேன். ஒரு நூல் முந்தினாலும் தாளம் நொண்டும். வியாழன் மதியம் முழுவதும் இதையே செய்தேன். நாற்பது தடவை இருக்கும். வெட்டிப் பழகிய கை ஒட்டப் பழகியது. எங்கேயோ நடுவில், பார்த்திராத ஊரில் பார்த்திராத ஒருவன் என்னோடு சேர்ந்து அடிப்பது போல இருந்தது. சுவருக்குப் பின்னால் விழும் தோலும் எங்கள் தாளத்தில்தான் விழுந்தது. அப்படி ஒரு மதியம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

சனிக்கிழமை டெக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேலூர் போனேன். கல்லூரியில் நல்ல டெக் கிடையாது. அந்தப் பெண் பழைய பாட்டைப் போட்டார், பிறகு நான் ஒட்டியதைப் போட்டார், இது அசல் அல்ல, செய்து காட்டியது என்பதையும் முதலிலேயே சொன்னார். ஜன்னல் பக்கம் இருந்த மாணவர்களின் கால்கள் ஆடத் தொடங்கின. புரொபசரின் கால் ஆடவில்லை.

புரொபசர் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தோடு வந்திருந்தார். ஐம்பத்தேழாம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப் படைப்பு என்றால் மெலடியும் ஹார்மனியும்தான், அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று படித்துக் காட்டினார். "தாளம்ங்கிற வார்த்தையே இதுல இல்ல. வெறும் டிரம்முக்கு உரிமையே கிடையாது. அப்புறம் எதை எடுத்தாங்கன்னு கட்டுரை எழுதுறீங்க?"

அந்தப் பெண் பதறவில்லை.

"அதாங்க சார் என் கட்டுரை. மெட்டுக்குச் சொந்தக்காரர் இருக்காரு. ரிக்கார்டுக்குக் கம்பெனி இருக்குது, அம்பது வருஷத்துக்கு. எல்லாரையும் ஆட வைக்கிற அந்த அடிக்கு மட்டும் ஆளே இல்ல. எதைப் படைப்புன்னு சொல்றது, யாரைப் படைச்சவர்னு சொல்றதுன்னு சட்டம் எழுதுறதுக்கு முன்னாடியே சமூகம் முடிவு பண்ணிடுது."

புரொபசர் புத்தகத்தை மூடினார். அந்த ஐந்து விநாடியை இன்னொரு தடவை போடச் சொன்னார். தலைப்பு தப்பித்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணா, நீங்க ஊசி மாட்டிக்கிச்சுன்னு வெட்டினீங்களே, அதையும் கட்டுரையில சேர்க்கணும். ஒரு ஊர்ல பாட்டு, இன்னொரு ஊர்ல பழுதாத் தெரியுதுல்ல. அந்தத் தப்பு உங்களுக்குச் சொந்தம். உங்களைக் கேக்காம எழுதக்கூடாது. எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்கம்மா" என்றேன்.

"பேர் போடலாமா?"

என் பெயர் கெட்டுவிடும் என்று புதன்கிழமை பொய் சொன்னவன் நான். அன்று பஸ் ஸ்டாண்டில் என் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சொல்லி, அவர் எழுதியது சரியா என்று எட்டியும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. என் முதுகையும் கையையும் நேரத்தையும் எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர், அது உலக வழக்கம் என்று நானும் இருந்துவிட்டேன். ஆனால் என்னிடமிருந்து ஒன்றை எடுப்பதற்கு முன் என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான், அதுவும் நான் செய்த தப்புக்காக. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கும் சொந்தம் என்று ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் இன்றும் வருகிறது.