சட்டையில் வந்த ஈயம்

வாசுகியின் மகள் ரூபினி, தன்னைவிட ஏழு மாதம் இளையவளின் பழைய கவுன்களைப் போட்டுத்தான் வளர்ந்தாள். வாசுகியின் அண்ணன் சத்தியசீலனின் மகள் சாந்தினி மளமளவென்று உயர்ந்தாள். அவளுக்குச் சிறிதானதையெல்லாம் அண்ணி ஷாமளா துவைத்து மடித்துப் பையில் போட்டுக் கொடுப்பாள். மூத்தவளுக்கு இளையவளின் உடுப்பு. கொடுக்கும்போது அண்ணி சிரிப்பாள். வாசுகியும் சிரித்து வைப்பாள்.

"அப்பா திவாகரன் வீட்டுப் பக்கம் எல்லாரும் குட்டைதானே" என்பார்கள் சொந்தக்காரர்கள். வாசுகியும் அப்படித்தான் நம்பினாள். ஆனால் பிறந்தபோது ரூபினி குட்டையாக இல்லை. நல்ல நீளமான குழந்தை என்று பிரசவம் பார்த்த நர்ஸ் மிசியே சொல்லியிருந்தாள்.

செமிலிங் பக்கத்தில் தான் வேலை செய்த தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றபோது வாசுகியின் கணவன் திவாகரனுக்கு வேலை போயிற்று. ரூபினிக்கு அப்போது எட்டு மாதம். கைகொடுத்தது அண்ணன்தான். அப்பா இல்லாத வீட்டில் வாசுகிக்கு எல்லாமே அண்ணன்தான். கல்யாணப் பந்தலில் அவளைத் தாரை வார்த்துக் கொடுத்ததும் அவன்தான். பழைய கார் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் கொட்டகை ஒன்றில் அவன் மேற்பார்வையாளன். மச்சானையும் அங்கேயே சேர்த்துவிட்டான்.

திவாகரன் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். அப்பாவின் சத்தம் கேட்டதும் ரூபினி தவழ்ந்து போய், பிறகு நடந்து போய், பிறகு ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொள்வாள். அவன் அப்படியே தூக்கி மார்பில் போட்டுக்கொள்வான். சட்டையெல்லாம் சாம்பல் நிறத் தூசி. வாசுகி அதை வாசலில் இரண்டு உதறு உதறிவிட்டு, குழந்தையின் துணிகளோடு ஒன்றாக மெஷினில் போடுவாள். தரையில் உட்கார்ந்து விளையாடும் ரூபினியின் விரல் எப்போதும் வாயில்தான்.

குழந்தை சாப்பிடாது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். நாலு நாளைக்கு ஒருதரம்தான் வெளிக்குப் போகும். கிளினிக்கில் ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். மாதக் கணக்கில் குடித்தும் முகம் வெளுத்தே கிடந்தது. நாலு வயது நெருங்கும்போது அளந்து பார்த்த மிசி உதட்டைப் பிதுக்கினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள்.

அங்கே டாக்டர் வனேசா வெகுநேரம் கேள்வி கேட்டாள். என்ன சாப்பாடு, என்ன நாட்டு மருந்து, வீட்டுச் சுவரில் பழைய சாயம் உரிகிறதா என்றெல்லாம். கடைசியில்தான், "அப்பாவுக்கு என்ன வேலை?" என்றாள்.

"பேட்டரி உடைக்கிற எடம் டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள் டாக்டர். அன்றே ரூபினியின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"ஒடம்புல ஈயம் இருக்கவே கூடாது. ரத்தப் பரிசோதனையில அஞ்சுன்னு வந்தாலே நாங்க பயப்படுவோம். இவளுக்கு முப்பத்தாறு. ஒடம்பு அதக் கால்சியம்னு நெனச்சு எலும்புல கொண்டுபோய் வச்சுக்கும். எலும்பு நீளுற எடத்துல அது தொந்தரவு பண்ணும். வளரச் சொல்ற ஹார்மோனையும் கொறைக்கும். ரத்தம் கம்மியா இருந்தா ஈயம் இன்னும் கூடுதலா உள்ள போகும். வளர்த்தி நின்னதுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பெரிய காரணம்."

"நான் அவள அங்க கூட்டிட்டே போனதில்லையே டாக்டர்" என்றான் திவாகரன்.

"நீங்க கூட்டிட்டுப் போக வேணாம். உங்க சட்டையில, தலைமுடியில, சப்பாத்துல அது வீட்டுக்கு வந்திருக்கு."

திவாகரன் தன் இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வாசுகிக்குச் சாந்தினியின் நினைவு வந்துவிட்டது. அண்ணனும் அதே கொட்டகைதானே. அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? வீட்டுக்குக்கூடப் போகவில்லை. திவாகரனிடம் நேராக அண்ணன் வீட்டுக்கு விடச் சொன்னாள். அவன் வாசலோடு நின்றுகொண்டான். அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. அண்ணியின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி, அண்ணனோட வேலைச் சட்டைய இனிமே வீட்டுக்குள்ள விடாதீங்க. புள்ளைக்கு ஆகாதாம். சாந்தினிக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடுங்க."

ஷாமளா சாதாரணமாகச் சொன்னாள்: "அவரு எப்பவும் கொண்டு வர்றதில்லையே லா. அங்கேயே குளிச்சு, வேற சட்ட மாத்திட்டுத்தான் வருவாரு. சாந்தினி பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். தூசி புள்ளைக்கு ஆகாதுன்னு அவருதான் சொன்னாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவள் முகம் மாறுவதை வாசுகி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அண்ணன் வந்தான். தலை சீவி, பவுடர் பூசி, வெளுத்த சட்டையில் வந்தான். எத்தனையோ சாயங்காலம் பார்த்த கோலம். இன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

அவன் ஷாமளாவைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"குளிக்கிற ரூமு ரெண்டுதான் இருக்கு வாசுகி. எங்கள மாதிரி மேற்பார்வை ஆளுங்களுக்கு மட்டும்தான். மத்தவங்ககிட்ட சொன்னா எல்லாரும் கேப்பாங்க, பிரச்சன பண்ணுவாங்கன்னு மொதலாளி வாயத் தொறக்க வேணாம்னுட்டாரு. இவ்வளவு தூரம் போகும்னு நான் நெனைக்கல."

"மத்தவங்களா? நான் மத்தவளா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"ஒரு வார்த்த, உங்க மச்சான்கிட்ட சட்ட மாத்திட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கலாமே. ரூபினிய ஒரு தரமாவது நெனச்சீங்களா?"

"நெனச்சேன்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "ஷாமளா உடுப்பு மடிக்கிறப்பல்லாம் நெனச்சேன்."

அந்த உண்மைதான் வாசுகியை உடைத்தது. தெரியாமல் செய்திருந்தால் அவனோடு சேர்ந்து அழுதிருப்பாள். அவள் அங்கே அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

திவாகரன் மறுநாளே வேலையை விட்டான். மெத்தையையும் பாயையும் தூக்கிப் போட்டார்கள். பெருக்கினால் தூசி பறக்கும் என்று டாக்டர் சொன்னதால் வாசுகி தரையை ஈரத்துணியால் மூலைமூலையாகத் துடைத்தாள். இந்த அளவுக்கு ஈயத்தை இழுத்தெடுக்கும் மருந்து வேண்டாம், வரும் வழியை அடைப்பதுதான் வைத்தியம் என்றாள் டாக்டர். முட்டை, பால், இரும்புச்சத்து மருந்து. திவாகரனின் ரத்தத்தில் ஈயம் மகளைவிடக் கூடுதலாக இருந்தது.

டாக்டர் எழுதிப் போட்டதால் கொட்டகையை விசாரிக்க அதிகாரிகள் வருவதற்கு முன் அண்ணன் போன் செய்தான். "என் பேரு மட்டும் வேணாம் வாசுகி. எனக்கும் புள்ள இருக்கு."

அவள் போனை வைத்துவிட்டாள். அதிகாரி வந்து கேட்டபோது நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பெயரையும் சொன்னாள். கொட்டகையை மூடினார்கள், பிறகு எல்லாருக்கும் குளியலறை கட்டித் திறந்தார்கள். அண்ணனை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை.

ஒரு வருஷத்தில் ரூபினியின் ரத்தத்தில் ஈயம் பாதிக்குமேல் குறைந்தது. பசி எடுத்தது, வளரவும் தொடங்கினாள். "விட்டதெல்லாம் திரும்பக் கிடைக்குமா டாக்டர்?" என்று கேட்டாள் வாசுகி.

"கொஞ்சம் கிடைக்கும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. எலும்புல சேந்தது லேசுல போகாது. படிப்பையும் பாத்துக்கிட்டே வரணும்."

போன மாதம் பெண்டாங்கில் ஒரு கல்யாணம். அண்ணன் மண்டபத்தின் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தான். பெரியம்மா காளியம்மா வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவன்டி. எளச்சுப் போயிட்டான். போய் ஒரு வார்த்த பேசு."

"அவரு ரெண்டு பக்கெட்டுத் தண்ணியில தன் புள்ளையக் காப்பாத்திக்கிட்டாரு பெரிம்மா. அந்த வழிய எனக்கும் சொல்லித் தந்திருக்கலாம். இப்ப நான் என்னத்தப் பேச?"

காளியம்மா கையை விட்டாள். பந்தி போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். வாசுகி ரூபினியை முன்னால் விட்டு, திவாகரனுக்கு இடம் பிடிக்கப் போனாள். அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. ஆனால் அவன் எழுந்து நின்றது அவளுக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது.