வீக்கம் எப்போது வந்தது

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்தவர் மாமனார் முன்னால் வலிக்கிறது, பசிக்கிறது என்று வாய் திறக்க மாட்டார். என் கணவர் இதில் எல்லோரையும் விட ஒரு படி மேலே. சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாலும் உம்மாவிடம் "நல்லாரிக்கி மாமி" என்பார். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வாப்பாவின் ஆழ்கடல் படகில்தான் அவருக்கும் வேலை. ஒலுவில் துறைமுகத்திலிருந்து போனால் கரை திரும்ப நாளாகும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் படகைக் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். அன்று பின்னேரம் கல்யாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் வழக்கமாக நடக்கும் பந்தாட்டம். யாரும் இவரை இடிக்கவில்லை. ஊன்றிய கால் மண்ணில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. உள்ளே 'டக்' என்று ஏதோ கேட்டதாம்.

கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்குள் நுழைந்தார். அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் முன்பே முழங்கால் சில்லு தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது.

"வாப்பாட்ட செல்லட்டா மச்சான்?" என்று அவரிடம் கேட்டேன்.

"வேணாம். பெருநாளும் அதுவுமா மாமாட மனச நோகடிக்கப் படாது."

விருந்தாளிகள் போகும்வரை சாரனால் காலை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில்தான் வாப்பா காலைப் பார்த்தார். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்; நானும் கூடப் போனேன்.

நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். வாப்பா போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறிவு இல்லை. காலைத் தொட விடாமல் வலி இருந்ததால் ஆட்டிப் பார்க்க முடியவில்லையாம். "எப்ப வீங்கின?" என்று டொக்டர் கேட்டிருக்கிறார். "காலையிலதான் டொக்டர்" என்று, தான் கண்டதை வாப்பா சொல்லியிருக்கிறார். மாமனார் சொன்னதைப் பிறர் முன்னால் திருத்தலாமா? இவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். சுளுக்காக இருக்கும், ஐஸ் வையுங்கள், பட்டி கட்டுங்கள், நடக்கும்போது கால் மடங்கினால் உடனே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் இதைக் கேட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது.

இரண்டு கிழமையில் வீக்கம் வடிந்தது. நொண்டாமல் நடந்தார். உம்மா சுளுக்கெண்ணெயின் மகிமையைத் தெருவெல்லாம் சொன்னார். ஆனால் தொழுகைக்குக் குழாயடியில் வுழூச் செய்துவிட்டுத் திரும்பும்போது அந்தக் கால் சட்டென்று மடங்கிப் போனதை நான் கண்டேன். ஒருமுறையல்ல. வீட்டில் வேறு யார் கண்ணிலும் அது படாமல் பார்த்துக்கொண்டார்.

சண்டை பிடித்து எலும்பு டொக்டரிடம் கூட்டிப்போனேன். இந்த முறை உள்ளே போனது நான். பந்தடித்த அன்றே, மஃரிபுக்கு முந்தியே வீங்கியதைச் சொன்னேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மூணு மணித்தியாலத்துக்குள்ள வீங்கினா கூடுதலா அது உள்ளுக்குக் கசியிற ரெத்தம், தங்கச்சி. சாதாரண சுளுக்கு இப்பிடி வீங்காது, வீங்கினாலும் மெதுவாத்தான்."

படுக்க வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறுகையால் கீழ்க்காலை முன்னால் இழுத்தார். நல்ல கால் கொஞ்சம் அசைந்து இறுக்கமாக நின்றது. மற்றக் கால் நிற்கும் இடம் தெரியாமல் முன்னால் வழுகி வந்தது. அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"எலும்பையும் எலும்பையும் கட்டி வெச்சிரிக்கிற சவ்வு அறுந்திரிக்கும் போல. எம்ஆர்ஐ எடுத்து உறுதிப்படுத்துவம். நேரா நடக்க ஏலும். கிறுகித் திரும்பினாத்தான் கால் மடங்கி உடும். ஆடுற படகில நிக்கவே கூடாது."

வீட்டுக்கு வந்ததும் வாப்பா கேட்டார். இவர் முந்திக்கொண்டு, "பெரிசா ஒண்டுமில்ல மாமா" என்றார்.

"இல்ல வாப்பா. சவ்வு அறுந்திரிக்காம். கடலுக்குப் போகப் படாதாம்." இத்தனை வருடத்தில் வாப்பாவுக்கும் இவருக்கும் நடுவே நான் குரல் கொடுத்தது அதுதான் முதல்முறை.

வாப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "எலும்பு நல்லாரிக்கண்டு படத்தில தெரிஞ்சிதே மகள்" என்றவர், "எங்க மகன், ஒருக்கா நடந்து காட்டுங்க பாப்பம்" என்றார்.

இவர் வாசல் கேற்றுவரை நடந்தார். ஒரு குறையும் இல்லாத நடை. கேற்றடியில் சின்னச் சின்ன அடியாக வைத்து, மெதுவாகத் திரும்பினார். எதற்காக அப்படித் திரும்புகிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏலுமா மகன்?"

"ஏலும் மாமா."

வாப்பா என் தலையைத் தடவினார். "நான் பக்கத்தில இரிப்பன்தானே மகள்."

அடுத்த நாள் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் துறைமுகத்துக்குப் போனார்கள். முழங்கால் பட்டியை நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேன்.